குழுவுக்கு 30 பேர் போதுமா? இரு குழு ஒப்பீட்டுக்கான மாதிரி அளவும் பவர் கணக்கும்

கேள்வி: நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு உப்பைக் குறைப்பது பற்றி நேரடி ஆலோசனையும் இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பும் தந்து, மூன்று மாதம் கழித்து சிஸ்டாலிக் அழுத்தத்தை ஒப்பிடப் போகிறேன். குழுவுக்கு 30 பேர் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எதிக்ஸ் கமிட்டியோ பவர் கணக்கு எங்கே என்று கேட்கிறது. அதை எப்படிப் போடுவது? எஃபெக்ட் சைஸ் எவ்வளவு என்று வைப்பது?

பதில்:

சூத்திரத்துக்குப் போகும் முன், உங்கள் சீனியர்கள் சொன்ன 30 பேரை வைத்தே ஆய்வை மனத்துக்குள் ஒருமுறை நடத்திப் பார்ப்போம். பவர் என்றால் என்ன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆலோசனையால் எந்தப் பயனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று மாதம் கழித்து இரு குழுக்களின் சராசரியும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்கு 132 இருக்கும், அடுத்தவருக்கு 158 இருக்கும். யார் எந்தக் குழுவில் விழுந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சராசரிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஆளுக்கு ஆள் உள்ள இந்தச் சிதறலின் அளவே திட்ட விலக்கம். அது 15 மி.மீ. என்று கொள்வோம். குழுவுக்கு 30 பேர் என்றால், இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஊசலாடும் என்பதைச் சொல்லும் திட்டப் பிழை, 15ஐ 2/30இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைக்கும் 3.87 மி.மீ. ஆகும். p மதிப்பு 0.05க்குக் கீழே வரவேண்டுமானால், பார்க்கும் வேறுபாடு திட்டப் பிழையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 7.75 மி.மீ. இருந்தாக வேண்டும். இதுதான் நீங்கள் தாண்ட வேண்டிய கோடு.

இப்போது ஆலோசனை உண்மையிலேயே 5 மி.மீ. குறைக்கிறது என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இதே ஆய்வை நூறு மாணவிகள் தனித்தனியாகச் செய்தால், அவர்களுக்குக் கிடைக்கும் வேறுபாடுகள் 5ஐச் சுற்றிச் சிதறும். ஒருத்திக்கு 2 வரும், இன்னொருத்திக்கு 9 வரும். 7.75 என்ற கோட்டைத் தாண்டுவது அவர்களில் ஏறத்தாழ 25 பேர் மட்டுமே. மற்ற 75 பேரும் ஆலோசனையால் பயன் தெரியவில்லை என்று எழுதுவார்கள். பயன் அங்கே இருக்கிறது, அவர்கள் ஆய்வால் அதைப் பார்க்க முடியவில்லை. இந்த 25 சதவீதம்தான் அந்த ஆய்வின் பவர். உண்மையில் இருக்கும் ஒரு வேறுபாட்டை ஆய்வு கண்டுபிடிக்கும் நிகழ்தகவு என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் வேறு பொருள் இல்லை.

கோட்டைத் தாண்டிய 25 பேரின் நிலையும் நல்லதல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திட்ட விலக்கம் 15ஐ ஒட்டி வந்தால், அவர்கள் எழுதும் வேறுபாடு குறைந்தது 7.75 ஆகவே இருக்கும், ஏனென்றால் அதற்குக் கீழே வந்தவை வடிகட்டப்பட்டுவிட்டன. உண்மை 5 ஆக இருக்க, குழுவுக்கு 30 பேர் கொண்ட ஆய்வில் 5 என்ற சரியான விடை புள்ளியியல் முக்கியத்துவத்துடன் வெளிவரவே வழியில்லை. சிறிய ஆய்வு பெரும்பாலும் தவறவிடும், தவறவிடாதபோது மிகைப்படுத்தும். அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி அந்த 8 அல்லது 9 மி.மீ.யை நம்பித் தன் மாதிரி அளவைக் கணக்கிட்டால், அவள் ஆய்வும் அதே குழியில் விழும்.

அப்படியானால் 30 என்ற எண் எங்கிருந்து வந்தது? மாதிரி 30ஐத் தாண்டினால் சராசரியின் பரவல் மணி வடிவத்துக்குப் போதுமான அளவு நெருங்கிவிடும் என்ற பழைய கட்டைவிரல் விதியிலிருந்து வந்தது. அது பரவலின் வடிவத்தைப் பற்றிய விதி. உங்கள் ஆய்வு 5 மி.மீ.யைக் கண்டுபிடிக்குமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி கணக்கைத் தலைகீழாகப் போடலாம். நூறில் 25 போதாது, 80 வேண்டும் என்கிறோம். அதற்கு, பயனில்லை என்ற நிலையின் மையமான 0வும் பயன் உண்டு என்ற நிலையின் மையமான 5ம் போதிய தூரம் விலகி நிற்க வேண்டும். கோடு 0விலிருந்து 1.96 திட்டப் பிழை தள்ளி இருக்கிறது. இருபுறச் சோதனையில் 5 சதவீத முதல் வகைப் பிழைக்கான, அதாவது இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழைக்கான, எண் அது. கோட்டுக்கு அப்பால் 80 சதவீதம் விழ வேண்டுமென்றால், 5 என்ற மையம் கோட்டிலிருந்து மேலும் 0.84 திட்டப் பிழை தள்ளி இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 2.8. அதாவது 5 மி.மீ. என்பது 2.8 திட்டப் பிழைக்குச் சமமாகும்படி ஆட்களைச் சேர்க்க வேண்டும். புத்தகங்களில் இருக்கும் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது:

```
n = 2 × (1.96 + 0.84)² × SD² / Δ²
  = 2 × 7.84 × 225 / 25
  = 141.1
```

இங்கே n என்பது ஒரு குழுவுக்கான எண்ணிக்கை, SD திட்ட விலக்கம், Δ கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு. இதையே R மென்பொருளில் ஒரே வரியில் போடலாம்:

```
power.t.test(delta = 5, sd = 15, sig.level = 0.05, power = 0.80)
```

விடை 142.2 என்று வரும். திட்ட விலக்கத்தையும் நீங்கள் தரவிலிருந்தே மதிப்பிடப் போகிறீர்கள் என்பதால் இக்கட்டளை t பரவலைப் பயன்படுத்துகிறது. ஓர் ஆள் கூடுவது அதனால்தான். மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் குழுவுக்கு 143 பேர், மொத்தம் 286 பேர். பவர் 90 சதவீதம் வேண்டுமானால் 0.84க்குப் பதில் 1.28 வரும், குழுவுக்கு 191 பேர் தேவைப்படுவார்கள். 80 என்பது வழக்கமே தவிர விதி அல்ல. உண்மையான பயனை ஐந்தில் ஒரு முறை தவறவிட ஒப்புக்கொள்கிறோம் என்பதே அதன் பொருள்.

சூத்திரத்தில் SDயும் Δவும் வர்க்கமாக நிற்பதைப் பாருங்கள். 10 மி.மீ. வேறுபாட்டைத் தேடினால் குழுவுக்கு 37 பேர் போதும்; 2.5 மி.மீ.யைத் தேடினால் 567 பேர் வேண்டும். ஆகவே உழைப்பு தேவைப்படுவது சூத்திரத்துக்கு அல்ல. இந்த இரண்டு எண்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதே கமிட்டி கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வேறுபாடு. எஃபெக்ட் சைஸ், அதாவது விளைவு அளவு, என்று மென்பொருள் கேட்பது பெரும்பாலும் Δவை SDயால் வகுத்த எண்ணை. அதை d என்பார்கள். நம் கணக்கில் அது 5/15, அதாவது 0.33. ஜேக்கப் கோஹன் 0.2ஐச் சிறியது, 0.5ஐ நடுத்தரம், 0.8ஐப் பெரியது என்று வகுத்தார். வேறு ஆதாரம் இல்லாதபோது மட்டும் பயன்படுத்துமாறு அவரே எச்சரித்தும் இருக்கிறார். அந்த எச்சரிக்கை மறைந்துபோய், மூன்று எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. நடுத்தர விளைவு என்று 0.5ஐப் போட்டால் குழுவுக்கு 64 பேர் என்று அழகான விடை கிடைக்கும். ஆனால் திட்ட விலக்கம் 15 ஆக இருக்கும் இடத்தில் 0.5 என்றால் 7.5 மி.மீ. வெறும் ஆலோசனையால் 7.5 மி.மீ. குறையும் என்று உங்கள் வழிகாட்டியிடம் நேராகச் சொல்லத் துணிவீர்களா? d என்ற அலகில்லா எண்ணுக்குள் ஒளிந்துகொண்டால் அந்தக் கேள்வியே எழாது. அதனால்தான் நான் எப்போதும் மி.மீ.யில் யோசித்துவிட்டு, மென்பொருள் கேட்டால் மட்டும் dக்கு மாற்றச் சொல்வேன்.

மி.மீ.யில் யோசிக்கும்போது கேட்க வேண்டியது, முந்தைய ஆய்வில் எவ்வளவு வேறுபாடு கிடைத்தது என்பதல்ல. எவ்வளவு வேறுபாடு இருந்தால் நோயாளிக்கு அது பொருட்படுத்தத் தக்கது என்பது. 2021இல் லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 48 சோதனைகளில் பங்கேற்ற 3.4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்து, சிஸ்டாலிக் அழுத்தம் 5 மி.மீ. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய இரத்தநாள நிகழ்வுகளின் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அவை மருந்துச் சோதனைகள் என்பது உண்மை. ஆனாலும் 5 மி.மீ. என்பது கவனிக்கத் தக்க அளவு என்று வாதிட அது போதுமான அடிப்படை. ‘5 மி.மீ.க்குக் குறைவான பயனுக்காக ஒரு செவிலியரின் அரை மணி நேரத்தைச் செலவிட மாட்டோம்’ என்று உங்கள் துறை சொல்லுமானால் அதுவும் நியாயமான அடிப்படையே.

அடுத்தது திட்ட விலக்கம். இங்கேதான் பிழைகள் அதிகம். முந்தைய கட்டுரையின் அட்டவணையில் 146 ± 2.1 என்று இருந்தால், 2.1ஐத் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரத்த அழுத்தம் ஆளுக்கு ஆள் 2 மி.மீ. மட்டும் மாறுபடும் என்பது நடக்காத காரியம். அது திட்டப் பிழை. அந்தக் குழுவில் 50 பேர் இருந்தால், 50இன் வர்க்கமூலமான 7.07ஆல் பெருக்க, 14.8 என்ற உண்மையான திட்ட விலக்கம் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் 2.1ஐச் சூத்திரத்தில் போட்டு, குழுவுக்கு நாலைந்து பேர் போதும் என்று கண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடை அவ்வளவு மலிவாக வந்தால் எங்கோ தவறு இருக்கிறது என்று அறியுங்கள்.

இன்னொரு நுட்பமான தவறும் உண்டு. நீங்கள் 140 முதல் 159 வரை உள்ளவர்களை மட்டும் சேர்க்கிறீர்கள் என்றால், சேரும் நாளில் எல்லோரும் 20 மி.மீ. அகலப் பட்டைக்குள் இருப்பார்கள். அன்றைய திட்ட விலக்கம் 5 அல்லது 6தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் அந்தப் பட்டையை விட்டு இருபுறமும் பரவிவிடுவார்கள். நீங்கள் ஒப்பிடப்போவது மூன்றாம் மாத அளவீட்டை என்பதால், கணக்குக்கு வேண்டியது மூன்றாம் மாதத் திட்ட விலக்கம். இதேபோல, ஒரே குழுவில் முன்பும் பின்பும் அளந்த ஆய்வுகளில் தரப்படும் மாற்றத்தின் திட்ட விலக்கத்தையும் இங்கே கலந்துவிடக் கூடாது.

சரி, பத்துப் பன்னிரண்டு பேரிடம் முன்னோட்ட ஆய்வு செய்து திட்ட விலக்கத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 12 பேரில் 15 என்று கிடைத்தால், அதன் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 10.6 முதல் 25.5 வரை விரியும். கீழ் எல்லையை வைத்தால் குழுவுக்கு 70 சொச்சம் பேர் போதும், மேல் எல்லையை வைத்தால் 400ஐத் தாண்டும். முன்னோட்ட ஆய்வு கருவியும் படிவமும் சரியாக இருக்கின்றனவா, ஆட்கள் திரும்ப வருகிறார்களா என்று பார்க்கத்தான் உதவும். திட்ட விலக்கத்துக்கு, உங்கள் நோயாளிகளைப் போன்றவர்களிடம் நடந்த இரண்டு மூன்று பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். அல்லது உங்கள் மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுப் பதிவேட்டிலிருந்து அனுமதி பெற்று இருநூறு பேரின் அளவீடுகளை எடுத்துக் கணக்கிடுங்கள். கிடைத்தவற்றில் நடுவாந்தரமானதைவிடச் சற்றே பெரியதை எடுப்பது விவேகம். 15க்குப் பதில் 18 என்றால் எண்ணிக்கை 205 ஆகும் என்பதையும் கமிட்டிக்குச் சேர்த்தே காட்டுங்கள்.

மூன்று மாதத்தில் சிலர் வராமல் போவார்கள். 15 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று எதிர்பார்த்தால் 143ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், விடை 169. பலரும் 143இல் 15 சதவீதத்தைக் கூட்டி 165 என்று எழுதுகிறார்கள். 165 பேரில் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 140 என்பதால் அது பொருந்தாது.

ஆக, இரண்டு குழுவுக்கும் சேர்த்து 338 பேர். முதுநிலை மாணவி ஒருவரால் ஆறு மாதத்தில் இத்தனை பேரைச் சேர்க்க முடியுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இந்த இடத்தில்தான் பலர் Δவை 5இலிருந்து 8க்கு உயர்த்தி, விரும்பிய எண் வரும்வரை பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அதைச் செய்யாமலே எண்ணிக்கையைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. சேரும் நாளில் எடுக்கும் அழுத்தத்தைப் பகுப்பாய்வில் சேர்த்துக்கொள்ளும் உடன்மாறிப் பகுப்பாய்வு அது. மென்பொருளில் ANCOVA என்று இருக்கும். மூன்றாம் மாதத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி, தொடக்கத்திலேயே இருந்த வேறுபாடுதான். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சும் சிதறல் குறையும். இரண்டு அளவீடுகளுக்கும் இடையே ஒட்டுறவு r என்றால், தேவையான எண்ணிக்கை 1 − r² மடங்காகக் குறைகிறது. r 0.6 என்றால் 0.64 மடங்கு, குழுவுக்கு 143க்குப் பதில் 92 பேர், விலகலுக்கு ஈடு சேர்த்தால் 109 பேர். மொத்தம் 218.

ஆனால் நான் முன்பு சொன்ன குறுகிய பட்டை இங்கே எதிராக வேலை செய்யும். எல்லோரும் 140க்கும் 159க்கும் இடையே மட்டும் இருந்தால் ஒட்டுறவு 0.6 வராது, 0.3 ஆகக்கூட இறங்கலாம். அப்போது கிடைக்கும் சேமிப்பு 9 சதவீதம்தான். சேர்க்கும் எல்லையை அகலமாக்கினால் ஒட்டுறவு கூடும், ஆனால் மூன்றாம் மாதத் திட்ட விலக்கமும் கூடவே கூடும். ஆகவே உங்கள் தகுதி விதிகளை ஒத்த ஆய்விலிருந்தே இரண்டு எண்களையும் சேர்த்து எடுங்கள். பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்து, அந்த மாற்றத்தை மட்டும் ஒப்பிடும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒட்டுறவு 0.5க்குக் கீழே இருந்தால் அது முன்னளவை அடியோடு விட்டுவிடுவதைவிட மோசமான பலன் தரும்.

அளவீட்டையும் செம்மைப்படுத்தலாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மூன்று முறை அளந்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுத்தால், ஒரே முறை அவசரமாக அளப்பதைவிடத் திட்ட விலக்கம் குறையும். திட்ட விலக்கத்தை 15இலிருந்து 13.5க்குக் கொண்டுவர முடிந்தாலே தேவைப்படும் ஆட்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவார்கள்.

நம் கல்லூரிகளில் அடிக்கடி காணும் 4pq/L² சூத்திரம் இங்கே பொருந்தாது. ஒரு மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது என்று மதிப்பிடும் கணக்கெடுப்புக்கானது அது. அதில் இரண்டாம் குழுவே இல்லை, பவரும் இல்லை. அதேபோல, ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருபவர் அனைவருக்கும் ஆலோசனை, அடுத்த நிலையத்தில் வழக்கமான கவனிப்பு என்று பிரித்தால், மேலே போட்ட கணக்கு செல்லாது. ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். அதைவிட, குழுவுக்கு ஒரே ஒரு நிலையம் என்றால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஆலோசனையின் பயனையும் நிலையத்தின் குணத்தையும் பிரித்தறிய வழியில்லை. ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் பிரியுங்கள்.

கமிட்டிக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘மூன்றாம் மாத சிஸ்டாலிக் அழுத்தத்தில் 5 மி.மீ. வேறுபாட்டை, திட்ட விலக்கம் 15 எனக் கொண்டு, இருபுறச் சோதனையில் 5 சதவீத முதல் வகைப் பிழையுடனும் 80 சதவீதப் பவருடனும் கண்டறியக் குழுவுக்கு 143 பேர் தேவை. தொடக்க அளவீட்டை உடன்மாறியாகக் கொள்வதால், ஒட்டுறவு 0.6 என்ற அடிப்படையில், இது 92 ஆகிறது. 15 சதவீத விலகலுக்கு ஈடாகக் குழுவுக்கு 109 பேர் சேர்க்கப்படுவர்.’ 5, 15, 0.6, 15 சதவீதம் ஆகிய நான்கு எண்களுக்கும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எண்ணுக்கொரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வு முடிந்து p மதிப்பு 0.05க்கு மேல் வந்துவிட்டால், கிடைத்த வேறுபாட்டையே சூத்திரத்தில் போட்டுப் பவர் எவ்வளவு இருந்தது என்று பின்னால் கணக்கிடும் பழக்கம் இருக்கிறது. அது p மதிப்பையே வேறு எண்ணாக மாற்றி எழுதுவதுதான். p சரியாக 0.05 என்றால் அந்தப் பவர் எப்போதும் 50 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதற்குப் பதில் நம்பக இடைவெளியை எழுதுங்கள். குழுவுக்கு 30 பேரில் வேறுபாடு 4 என்று வந்தால் இடைவெளி −3.75 முதல் 11.75 வரை இருக்கும். ஆலோசனை கெடுதல் செய்கிறதா, பெரும் பயன் தருகிறதா என்பதுகூட அதில் தெரியாது. குழுவுக்கு 143 பேரில் வேறுபாடு 1 என்று வந்தால் இடைவெளி −2.5 முதல் 4.5 வரை இருக்கும். அங்கேயும் p 0.05ஐத் தாண்டிவிடும்தான், ஆனால் 5 மி.மீ. அந்த இடைவெளிக்கு வெளியே நிற்பதால், நீங்கள் பொருட்படுத்தத் தக்கது என்று முன்பே சொன்ன அளவுக்கு இந்த ஆலோசனை பயன் தரவில்லை என்று துணிந்து எழுதலாம்.